‘சுகருக்கு’ என்ற சொல்லை எடுத்த பிறகு

திண்டுக்கல் பக்கம் மூலிகைக் கேப்சூல் செய்து விற்கும் அண்ணன் ஒருவருக்கு நான் பொருள் விவரம் எழுதித் தருகிறேன். முருங்கை, நெல்லி, ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் என்று ஏழெட்டுப் பொருள்கள். மற்ற எதிலும் பெரிய வம்பு வந்ததில்லை. சிறுகுறிஞ்சான் மட்டும் இரண்டு முறை ஆன்லைன் சந்தையிலிருந்து இறக்கப்பட்டது. மூன்றாவது முறை ஏற்றும் முன் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பொய் ஒண்ணும் எழுதலையே. நம்ம தாத்தா காலத்துல இருந்து சுகருக்குத்தானே குடுக்குறோம்?”

அவர் எழுதியிருந்தது இதுதான். தலைப்பில் ‘சுகருக்கு 100% இயற்கைத் தீர்வு’. கீழே ‘கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும்’, ‘பக்க விளைவு இல்லை’, ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’. படத்தில் விரல் நுனியில் ஒரு ரத்தத் துளி, பக்கத்தில் சர்க்கரை அளக்கும் கருவி. ஒரு மூலையில் 240 என்ற எண், அதிலிருந்து ஓர் அம்பு, அம்பின் முனையில் 110.

இரண்டாவது முறை ஏற்றியபோது அவர் மகன் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டியிருந்தான். ‘சுகர்’ என்று முழுதாக எழுதாமல் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு ‘சு*ர்’ என்று எழுதியிருந்தான். ஆங்கிலத்திலும் ஓர் எழுத்துக்குப் பதில் ஆச்சரியக்குறி. இயந்திரம் ஏமாறலாம், ஆனால் இது முதல் முறையைவிட மோசம். தெரியாமல் எழுதினேன் என்று இனிமேல் சொல்ல முடியாது. தடை தெரிந்துதான் மறைத்திருக்கிறாய் என்பதற்கு அந்த நட்சத்திரமே சாட்சி. தவிர, ‘சு*ர்’ என்று யாரும் தேடுவதும் இல்லை. மாட்டிக்கொள்ளவும் வழி, யார் கண்ணிலும் படாமல் போகவும் வழி.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. அண்ணனிடம் இருப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசன்ஸ். அதாவது அவர் கேப்சூல் சட்டத்தின் கண்ணில் உணவு. ‘ஹெல்த் சப்ளிமெண்ட்’ என்ற வகை உணவு. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று டப்பாவில் அச்சிட்டே ஆக வேண்டும். டப்பாவில் அப்படிப் போட்டுவிட்டு, அதே டப்பாவின் விற்பனைப் பக்கத்தில் ‘சுகருக்குத் தீர்வு’ என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஓர் உணவு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சொல்லக் கூடாது என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

அண்ணன் அடுத்து கேட்டதை இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்பார்கள். “அப்ப சித்த மருந்துன்னு லைசன்ஸ் எடுத்துட்டா எழுதலாம்ல?” எழுத முடியாது. உணவிலிருந்து மருந்துக்குப் போனால், 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் நேராக எதிரே வந்து நிற்கும். அதன் அட்டவணையில் 54 நோய்கள், நிலைகள் இருக்கின்றன. நீரிழிவு அதில் ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள நோய்க்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்ற வாதமே இதில் எழாது. விளம்பரம் செய்வதுதான் குற்றம்.

விளம்பரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் இடம் எனக்குப் பிடிக்கும். அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், உறை, வாய்வழி அறிவிப்பு, அப்புறம் ஒளி, ஒலி, புகை எதன் மூலம் செய்தாலும் அது விளம்பரம். வானத்தில் புகையால் எழுதுவதைக்கூட 1954லேயே யோசித்துவிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிச்சொல் கட்டத்துக்குள் எழுதினால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் புகையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தபோது மாட்டிக்கொண்ட இடம் சட்டம் அல்ல, தமிழ்.

ஆங்கிலத்தில் இந்தத் தொழில்காரர்கள் சொற்களை இழைத்து இழைத்து ஒரு தனி நடையை வளர்த்து வைத்திருக்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்லாமல், ஏற்கெனவே இயல்பாக இருக்கும் சர்க்கரை அளவு அப்படியே இருக்கத் துணை நிற்கும் என்பது போல எழுதுவார்கள். அமெரிக்காவில் உடலின் அமைப்பு, இயக்கம் பற்றிச் சொல்வது ஒரு வகை, நோயைப் பற்றிச் சொல்வது வேறு வகை என்று 2000ஆம் ஆண்டில் விரிவான விதியே போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அவர்களே தரும் ஓர் எடுத்துக்காட்டு போதும்: ‘இன்சுலின் எடுக்கும்போது உணவின் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆரோக்கியமான சர்க்கரை அளவுக்கு உதவும்’ என்று எழுதினால் அது நோய் பற்றிய உரிமைகோரல். இன்சுலின் என்ற ஒரு சொல் உள்ளே வந்ததுமே மொத்த வாக்கியமும் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

இந்த நடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? ‘ஆரோக்கியமான சர்க்கரை அளவை ஆதரிக்கிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். சர்க்கரை அளவு என்ன தேர்தலிலா நிற்கிறது, ஆதரிப்பதற்கு? வாக்கியம் தமிழாகவும் இல்லை, பாதுகாப்பாகவும் இல்லை. ஏனென்றால் நம் பேச்சில் ‘சர்க்கரை’ என்பதே நோயின் பெயர். ‘அவருக்கு சுகர்’ என்றால் அவர் கையில் ஜீனி டப்பா இருக்கிறது என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ‘பிரஷர்’, ‘கொலஸ்ட்ரால்’ எல்லாம் இப்படித்தான். உடலில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு பொருளின் அல்லது அளவின் பெயர், தமிழில் நோயின் பெயராக ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் நழுவிப் போகக்கூடிய ‘சுகர்’ என்ற சொல் தமிழ் வாக்கியத்தில் நழுவாது.

இன்னொரு சிக்கல் ‘கு’ உருபு. பள்ளியில் நான்காம் வேற்றுமை என்று படித்தோம். அதன் பொருள்களில் பகையும் உண்டு, பொருட்டும் உண்டு. ‘சுகருக்கு சிறுகுறிஞ்சான்’ என்று இரண்டே சொல் எழுதினாலும் போதும். ‘குணமாக்கும்’ வேண்டாம், ‘தீர்வு’ வேண்டாம், வினைச்சொல்லே வேண்டாம். ‘கு’ ஒன்றே மருந்துச் சீட்டு எழுதிவிடுகிறது. அதனால் நான் எழுதி முடித்ததும் செய்யும் முதல் சோதனை மிக எளிது: நோயையோ உறுப்பையோ குறிக்கும் சொல்லின் வாலில் ‘க்கு’ ஒட்டியிருக்கிறதா என்று தேடுவேன். ‘மூட்டுக்கு’, ‘கல்லீரலுக்கு’, ‘சளிக்கு’. தடைசெய்த சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு சலிப்பதைவிட இது நிறையப் பிடிக்கிறது. உறுப்பின் பெயரோடு வருவதெல்லாம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வால் இருக்கும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இனி பெயர். சிறுகுறிஞ்சானுக்கு இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. இந்தியில் குர்மார் என்பதும் சர்க்கரையை, வெல்லத்தைக் கொல்வது என்ற பொருளில்தான். சமஸ்கிருதத்தில் மதுநாசினி. செடியே பெயரில் உரிமைகோரலைச் சுமந்துகொண்டு பிறந்திருக்கிறது. அண்ணனும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: “பேரையே எழுதக் கூடாதுன்னா எப்படித் தம்பி?”

பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. பச்சை இலை ஒன்றைப் பறித்து நன்றாக மென்று, பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டது போல இருக்கும். இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை அடைத்துக்கொள்வதுதான் காரணம். அரை மணி நேரம் போல ஆனதும் சுவை திரும்பிவிடும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலவே தெரியும். ‘கொல்லி’ என்பது நாக்கில் நடக்கும் இந்தச் செயலுக்கு அப்படியே பொருந்துகிறது. இது யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய உண்மை, இதில் ரத்தம் இல்லை, கணையம் இல்லை, நோயும் இல்லை.

ஆகவே இப்படி முடிவு செய்தேன். தலைப்பில் சிறுகுறிஞ்சான் மட்டும். சர்க்கரைக்கொல்லி என்பது கீழே, மற்ற மொழிப் பெயர்களின் வரிசையில், அந்த நாக்குக் கதையோடு சேர்ந்து ஒரே ஒரு முறை. பெயரைத் தனியாகப் பிடுங்கிப் பெரிய எழுத்தில் டப்பாவின் நெற்றியில் ஒட்டினால் அது பெயராக இருக்காது. பக்கத்தில் ரத்தத் துளிப் படம் இருந்தாலும் அப்படித்தான். அதனால் படங்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன்: கொடி, இலை, பொடி, டப்பா. அம்பும் எண்ணும் போயின. நீரிழிவைக் குறிக்க உலகம் முழுவதும் பயன்படும் நீல வட்டம் ஒன்றை டிசைனர் ஓரத்தில் அழகுக்காக வைத்திருந்தார்; அதுவும் போனது.

அண்ணனின் உண்மையான கவலை வேறு. “சுகர்னு இல்லாட்டி எவன் தேடி வருவான்?” நியாயமான கேள்வி. தேடுகிறவர்களில் ஒரு கூட்டம் நோயின் பெயரைத் தட்டித்தான் வருகிறது, அதை இழக்கத்தான் வேண்டும். அதை இழக்காமல் இருக்க வழி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த ஆள் மகன் போட்ட நட்சத்திரத்தைத்தான் வேறு வடிவில் விற்கிறார். ஆனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது: செடியின் பெயர் தெரிந்தே வருபவர்கள். பாட்டியோ, சித்த வைத்தியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிப் பெயர் காதில் விழுந்திருக்கும், எழுத்து மட்டும் சரியாகத் தெரியாது. பழைய பக்கத்தில் ‘சுகர்’ பதினோரு இடத்தில் இருந்தது. சிறுகுறிஞ்சான் இரண்டே இடத்தில், அதில் ஒன்று படத்துக்குள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலுக்குக் காத்திருக்க முடியாது. செடியின் பெயரால் வருபவர்களுக்கு நாங்களே கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

பெயர் தெரிந்து வருபவர்கள் எப்படியெல்லாம் தட்டுவார்கள்? தமிழில் தட்டுபவர் சிறுகுறிஞ்சான், சிறு குறிஞ்சான், சிறுகுறிஞ்சா என்று தட்டுவார். அதையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் இன்னும் அதிகம், அதில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். வடக்கிலிருந்து வருபவர் குர்மார் என்றோ குட்மார் என்றோ தட்டுவார். சந்தைத் தளத்தில் இதற்கென ஒரு மறைவுக் கட்டம் தருகிறார்கள். நான் எழுதும் சந்தையில் அதற்கு 200 பைட் எல்லை. எழுத்து அல்ல, பைட். இதைக் கவனிக்காமல் நான் முதலில் ஏமாந்தேன். யூனிகோடின் UTF-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும்; புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ‘சிறுகுறிஞ்சான்’ என்ற ஒரு சொல்லில் 14 குறியீடு, 42 பைட். ‘சர்க்கரைக்கொல்லி’ 48 பைட். ஆங்கில எழுத்தில் அதே சிறுகுறிஞ்சான் 12 பைட்தான். நான்கு தமிழ்ச் சொல்லைப் போட்டாலே கட்டம் ஏறக்குறைய நிறைந்துவிடும், எல்லை தாண்டினால் கட்டத்தில் இருப்பது மொத்தமும் கணக்கில் வராமல் போகலாம். அதனால் தமிழ்ப் பெயர்களைக் கண்ணுக்குத் தெரியும் விவரத்தில் எழுதிவிட்டு, மறைவுக் கட்டத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல்களை மட்டும் வைத்தேன்:

```
sirukurinjan siru kurinjan sirukurinjaan sakkarai kolli gurmar gudmar madhunashini meshashringi gymnema sylvestre leaf veg capsule
```

மொத்தம் 130 பைட். நோயின் பெயர் ஒன்றுகூட இல்லை. மீதமுள்ள 70 பைட்டைப் பார்த்து அண்ணன் மகனுக்குக் கை அரித்தது. “அங்கதான் யாருக்கும் தெரியாதே அண்ணே, அதுல ஒரே ஒரு டயாபடீஸ் போட்டுக்கலாமே?” யாருக்குத் தெரியாது? சந்தையின் சோதனைக்கு அந்தக் கட்டம்தான் முதலில் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களில், இணையப் பக்கத்தின் உள்ளே தேடுபொறிக்காக ஒளித்து வைத்த மெட்டா குறிச்சொற்களையே எடுத்துக்காட்டாகத் தந்து, இந்தப் பொருளை நோய்க்காகத்தான் விற்கிறாய் என்று சொன்ன கடிதங்கள் உண்டு. யாரைக் கூப்பிட எந்தச் சொல்லை ஒளித்து வைத்தாய் என்பது, வெளியே எழுதியதைவிடத் தெளிவாக நோக்கத்தைக் காட்டுகிறது. எழுபது பைட் காலியாகவே இருக்கிறது.

அண்ணனின் சொந்த இணையதளத்திலும் அதே ஒழுங்குதான். கோப்பின் பெயர், படத்தின் மாற்று எழுத்து, தலைப்பு எல்லாவற்றிலும் பழைய ‘சுகர்’ ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே திருத்திவிட்டு இவற்றை மறப்பதுதான் வழக்கம். இணைய முகவரியிலேயே அந்தச் சொல் இருந்தது. முகவரியை மாற்றிப் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட்டோம்.

```html
<title>சிறுகுறிஞ்சான் இலைப் பொடி கேப்சூல் – 500 மி.கி, 60 எண்ணம்</title>
<img src="sirukurinjan-capsule-60.jpg"
     alt="சிறுகுறிஞ்சான் இலையும் கேப்சூல் டப்பாவும்">
```

நோய் போன இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? வாங்குகிறவர் தொலைபேசியில் கேட்பதைக் கேட்டாலே போதும். பொடியா, சாறா? அண்ணனுடையது வெறும் இலைப் பொடி; சாறு என்றால் ஜிம்னெமிக் அமிலம் இத்தனை சதவீதம் என்று ஆய்வக அறிக்கையோடு எழுதலாம், இவருக்கு அது இல்லை, எழுதவில்லை. கேப்சூல் கூடு எதனால் ஆனது? ஜெலட்டின் என்றால் விலங்கு, எச்.பி.எம்.சி என்றால் செடி. தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் வாங்காத வீடுகள் நிறைய. நிழலில் உலர்த்தியதா, வெயிலிலா? எந்த மாதம் அரைத்தது? கசக்குமா? ‘சைவக் கூடு’, ‘நிழலில் உலர்த்திய இலை’, ‘சிறுகுறிஞ்சான் பொடி எப்படி இருக்கும்’ என்பவை எல்லாம் தேடப்படும் சொற்கள்தான். ‘பக்க விளைவு இல்லை’ என்பதை அடித்தேன். ‘மருத்துவர்கள் பரிந்துரை’யையும் அடித்தேன், உணவு விளம்பரத்தில் அப்படிச் சொல்லவே அனுமதி இல்லை.

ஒரே ஓர் இடத்தில் நோயின் பெயர் வந்தது. அதை நானே எழுதிச் சேர்த்தேன். சிறுகுறிஞ்சான், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்க வாய்ப்பு உண்டு. மருந்தோடு மோதுவது தெரிந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பதும் விதிதான். ‘நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்க வேண்டாம்’ என்று எழுதினேன். பாருங்கள், ‘நீரிழிவுக்கு’ என்று என் சோதனை பிடிக்கும் அதே ‘க்கு’. ஆனால் இங்கே அது மாத்திரையோடு ஒட்டுகிறது, கேப்சூலோடு அல்ல. தேடுபொறி இதையும் படிக்கும், சிலர் இதன் வழியாகவும் வருவார்கள். அதற்கு ஆசைப்பட்டு எச்சரிக்கையையே நான்கு இடத்தில் நான்கு விதமாக எழுதினால் அதுவும் விளம்பரமாகிவிடும். ஒரு வாக்கியம், ஓர் இடம்.

இந்த முறை ஏற்றியது நின்றது. பக்கத்துக்கு வருபவர்கள் முன்பைவிடக் குறைவு, அண்ணன் அதைச் சொல்லாத வாரம் இல்லை. மாறிய ஒன்றையும் அவரே சொன்னார்: ‘எத்தனை நாளில் சுகர் இறங்கும்’ என்று கேட்டு, பதினைந்து நாளில் டப்பாவைத் திருப்பி அனுப்பும் ஆட்கள் இப்போது அநேகமாக இல்லை.

பாக்கி இருப்பது நாங்கள் எழுதாத எழுத்து. வாங்கியவர்கள் விமர்சனத்தில் ‘எனக்கு 240 இருந்தது 130 ஆச்சு’ என்று எழுதுகிறார்கள். எழுதுவது அவர்கள் உரிமை. அதைப் படமாக்கி மேலே ஒட்டினால், நன்றி சொல்லித் தூக்கிப் பிடித்தால், அது நம் வாக்கியம் ஆகிவிடும். 2012ல் அமெரிக்க நிர்வாகம் ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், புற்றுநோய் பற்றி வாடிக்கையாளர் ஒருவர் முகநூலில் எழுதியதற்கு நிறுவனம் ‘லைக்’ போட்டதைக்கூடக் குறிப்பிட்டது. நாங்கள் அந்த மாதிரி விமர்சனங்களைத் தொடுவதே இல்லை.

கேள்வி பதில் பகுதியைத் தொடாமல் இருக்க முடியாது. போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார்: ‘இதைச் சாப்பிட்டால் அப்பாவின் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா?’ அண்ணன் எனக்கு அனுப்பி, “பதில் சொல்லாம விட்டுடலாமா தம்பி, மாட்டிக்குவோமோ?” என்று கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன்: ‘நிறுத்தக் கூடாது. இது உணவு வகை, மருந்துக்கு மாற்று அல்ல. அப்பா மாத்திரை எடுப்பதால், அவருடைய மருத்துவரைக் கேட்ட பிறகு மட்டும் வாங்குங்கள்.’

அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு அப்படியே ஏற்றினார். கேட்டவர் மறுநாள் கீழே எழுதியிருந்தார்: ‘சரிங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்.’ இன்னும் வரவில்லை.